மூன்று மாதத்தில் நின்றுபோன மிக்ஸியும் தளம் ஏற்காத விமர்சனமும்

கேள்வி: "மிக்ஸி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, பிளேடு சுற்றவில்லை. கோபத்தில் எழுதிய விமர்சனத்தைத் தளம் போட மறுத்துவிட்டது. எழுதியது இதுதான்: 'திருட்டுப் பசங்க. குப்பை மிக்ஸி, மூணே மாசத்துல செத்துப் போச்சு. டெலிவரியும் லேட். சர்வீஸ்னு வந்தவன் நம்ம மேலயே பழியைப் போட்டுட்டு 180 ரூபாயும் வாங்கிட்டுப் போனான். மட்டமான பிளாஸ்டிக். யாரும் வாங்காதீங்க!!!' இதை எப்படி மாற்றி எழுதுவது? 'பரவாயில்லை' என்கிற மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. என் அதிருப்தி தெரியணும்."

தெரியத்தான் வேண்டும். நீங்கள் எழுதியதில் கோபம் தெரிகிறது, ஆனால் எதனால் கோபம் என்பது தெரியவில்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பதினான்கு வருஷம் வீட்டு உபயோகச் சாதனங்களின் சர்வீஸில் இருந்தேன், அதில் கடைசி ஆறு வருஷம் வாடிக்கையாளர்கள் ஆன்லைனில் எழுதுகிறவற்றை வாராவாரம் படித்து, எது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் வேலை. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

நான் பிரித்து அனுப்பிய தாளில் மோட்டார், கப்ளர், ஜார், கசிவு, சத்தம், பேக்கிங், சர்வீஸ் என்று சில கட்டங்கள் இருக்கும். "குப்பை", "வேஸ்ட்", "பணம் தண்டம்" என்று வருகிறவை எந்தக் கட்டத்திலும் உட்காராது. எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஒரு மாதம், சின்ன ஜாரைப் பற்றி வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஐந்து பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: சட்னி அரைத்துவிட்டு ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், அடியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வளையம் விழுகிறது. அதில் ஒருவர் மட்டும், ஸ்டிக்கரில் இருந்த தயாரிப்பு மாதத்தையும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால்தான் அந்த மாதத்து ஜார்களை எடுத்து, பிளேடின் தண்டு சுற்றும் புஷ்ஷைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி அனுப்ப முடிந்தது. அந்த ஐவரில் யாரும் திட்டவில்லை, ஆனால் ஐந்தும் ஒற்றை நட்சத்திரம். அதே ஜாரைப் பற்றி, கெட்ட வார்த்தை உட்பட, எத்தனையோ பேர் அதற்கு முன்னாலேயே எழுதியிருந்திருக்கலாம். எங்களுக்கு அது ஜாரைப் பற்றியது என்றே தெரியாமல் போயிருக்கும்.

சரி, உங்களுடையதை எடுத்துக்கொள்வோம். முதலில், எழுதியதை அழிக்காதீர்கள். ஒரு நாள் ஆறப்போட்டு அப்புறம் எழுதுங்கள் என்று பலர் சொல்வார்கள், நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பதிவிடுவதைத் தள்ளிப்போடலாம். எழுதுவதைத் தள்ளிப்போட்டால் தேதியும் சர்வீஸ்காரர் சொன்ன வார்த்தையும் மறந்துபோகும், கோபம் மட்டும் மிஞ்சும். கோபத்தில் எழுதுகிற முதல் படியில் சரக்கு நிறைய இருக்கும். ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் நீங்கள் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று இருக்கிறது. திட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பார்த்ததை வைப்பதுதான் வேலை. மென்மையான வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

"செத்துப் போச்சு" என்பதிலிருந்து தொடங்குங்கள். மிக்ஸி நின்றுபோவதற்குப் பல விதங்கள் உண்டு. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை என்றால், பெரும்பாலும் ஓவர்லோட் சுவிட்ச் விழுந்திருக்கும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைச் சற்று ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். அழுத்தியும் ஓடவில்லை என்றால் கார்பன் பிரஷ்ஷோ காயிலோ போயிருக்கலாம். உங்களுடையது இது எதுவும் இல்லை. மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் அனேகமாகக் கப்ளர், அதாவது அடிப்பாகத்தின் மேல் பல் பல்லாக இருக்கும் அந்தச் சின்ன வட்டத் துண்டு. ஜாரின் அடியில் இருக்கும் துண்டு அதில் பொருந்தித்தான் பிளேடைச் சுற்றுகிறது. பல் மழுங்கிவிட்டால் மோட்டார் சும்மா சுற்றும். ஆக, உங்கள் விமர்சனத்தில் இருக்க வேண்டியது "செத்துப் போச்சு" இல்லை. "மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை, கப்ளரின் பற்கள் மழுங்கியிருக்கின்றன" என்பது. வாங்க நினைப்பவருக்கும், தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கும் என் மாதிரி ஆளுக்கும் அது உடனே புரியும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக அரைக்கும் காலி ஜாரைத் தலைகீழாக வைத்து, அதன் அடியில் இருக்கும் துண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். பிளேடு கையைக் கிழிக்கும், ஜாருக்குள் விரலை விடாதீர்கள். லேசாகச் சுற்றினால் ஜாரில் பழுதில்லை. இறுக்கமாக இருந்தாலோ கரகரவென்று உரசினாலோ, புஷ்ஷில் மாவோ மசாலாவோ இறங்கிக் காய்ந்திருக்கலாம், துருவும் ஏறியிருக்கலாம். அப்படி இறுகிய ஜாரை மோட்டார் சுற்றப் பார்க்கும்போதுதான் கப்ளரின் பல் தேயும். அப்போது உங்கள் புகாரே மாறுகிறது: மூன்றே மாதத்தில் ஜார் ஏன் இறுகியது என்பதுதான் கேள்வி, அதுவும் நியாயமான கேள்விதான். இதைப் பார்க்காமல் எழுதினால், கம்பெனிக்காரர் கீழே வந்து "ஜாரைச் சரியாகக் கழுவிக் காயவையுங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார், படிக்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

"மட்டமான பிளாஸ்டிக்" என்பதையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். உங்கள் மிக்ஸியை நான் பார்க்கவில்லை, பிளாஸ்டிக் மட்டமா இல்லையா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கப்ளர் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படுகிற பாகம். ஏதாவது கடினமாகச் சிக்கினால் மோட்டார் எரிவதற்கு முன்னால் கப்ளர் தேயட்டும், மலிவாக மாற்றிவிடலாம் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே கப்ளர் தேய்ந்ததே தரக்குறைவுக்குச் சான்று ஆகாது. ஆனால் மூன்று மாதத்தில், அளவோடு அரைத்தும் தேய்ந்தது என்பது சான்று. அதனால் காரணத்தை விட்டுவிடுங்கள், எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த ஜாரில், தண்ணீர் விட்டா உலர்வாகவா. பல மிக்ஸிகளின் அடியில் ஸ்டிக்கரில் '30 நிமிட ரேட்டிங்' என்று இருக்கும். முப்பது நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை, எவ்வளவு நேரம் ஓட்டி எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது கையேட்டில் தனியாக இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அந்த அளவுக்குள்தான் அரைத்தீர்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள், சர்வீஸ்காரர் சொன்ன பழிக்கு அதைவிடப் பலமான பதில் கிடையாது. அளவை மீறியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மோட்டார் சுற்றி நிற்பதற்கு முன்னாலேயே ஜாரைத் தூக்குகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள், கப்ளர் பல் போவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்தது சர்வீஸ். "பழியைப் போட்டுட்டுப் போனான்" என்பதைப் படிக்கிறவர், இவருக்கு என்ன நடந்ததோ என்று கடந்துபோய்விடுவார். நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், உதாரணத்துக்கு இப்படி: புகார் கொடுத்து ஒன்பதாம் நாள் வந்தார், எவ்வளவு அரைத்தீர்கள் என்று கேட்கவில்லை, ஜாரைத் திருப்பிப் பார்க்கவில்லை, "அதிகமாகப் போட்டு அரைத்திருப்பீர்கள்" என்றார், கப்ளருக்கு வாரண்டி இல்லை என்று 180 ரூபாய் வாங்கினார். ஒரு வசைகூட இல்லை, ஆனால் படிக்கிறவருக்குக் கோபம் வருகிறது இல்லையா? கோபத்தை நீங்கள் சொல்லக் கூடாது, படிப்பவருக்கு வர வேண்டும். வந்தவரின் பெயரையோ போன் நம்பரையோ போடாதீர்கள். அவர் பெரும்பாலும் ஒரு ஒப்பந்தக்காரரிடம், ஒரு அழைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். உங்கள் சண்டை அவருடைய முதலாளி எழுதிய வாரண்டி விதியோடு. அந்த விதிதான் இங்கே உண்மையிலேயே பயனுள்ள செய்தி. அட்டைப்பெட்டியில் பெரிதாக "2 வருட வாரண்டி" என்று இருக்கும், உள்ளே சின்ன எழுத்தில் கப்ளர், ஜார், ரப்பர் வாஷர் எல்லாம் விலக்கு என்று இருக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் இதைப் படிப்பதில்லை. நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நூறு பேருக்கு உதவும். உங்கள் வாரண்டி அட்டையை எடுத்து, அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அட்டையில் விலக்கு இல்லாமலேயே பணம் வாங்கியிருந்தால் அது வேறு கதை, பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

டெலிவரி தாமதத்தை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். முக்கியமில்லை என்பதற்காக இல்லை, இடம் மாறியிருக்கிறது என்பதற்காக. பொருள் விமர்சனத்தில் விற்பனையாளரையும் டெலிவரியையும் பேக்கிங்கையும் பற்றி எழுதக் கூடாது என்று அமேசானின் விதியிலேயே இருக்கிறது, அதற்கு விற்பனையாளர் மதிப்பீடு என்று தனி இடம் உண்டு. உங்களுடையது நிராகரிக்கப்பட்டதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம், "திருட்டுப் பசங்க" என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். தாமதம் பற்றி அங்கே தனியாக இரண்டு வரி எழுதுங்கள். ஒரே மிக்ஸியைப் பல கடைக்காரர்கள் விற்பார்கள், ஒரு கடை தாமதமாக அனுப்பியதற்காக மிக்ஸிக்கு நட்சத்திரம் குறைந்தால், கப்ளர் பற்றிய உங்கள் பேச்சும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

"திருட்டுப் பசங்க" பற்றி இரண்டு வார்த்தை. மிக்ஸி மூன்று மாதத்தில் நின்றது என்பது நடந்த விஷயம், நிரூபிக்கலாம். திருடர்கள் என்பது குற்றச்சாட்டு, நிரூபிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கு 356ஆம் பிரிவு இருக்கிறது, பொதுநலனுக்காகச் சொல்லப்படும் உண்மைக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. ஒரு மிக்ஸி விமர்சனத்துக்காக யாரும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை. நடந்ததை எழுதினால் எந்த நிலையிலும் நீங்கள் உறுதியான தரையில் நிற்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

கடைசியில் "யாரும் வாங்காதீங்க". இது உங்கள் தீர்ப்பு, இதை எடுக்கச் சொல்ல மாட்டேன், யாருக்கு என்பதை மட்டும் சேருங்கள். தினமும் தேங்காயும் மசாலாவும் அரைக்கிற வீட்டுக்கு ஒத்துவராத மிக்ஸி, வாரத்துக்கு இரண்டு முறை ஜூஸ் போடுகிறவருக்கு ஒத்துவரலாம். நீங்கள் உங்கள் வீட்டு வகையைச் சொன்னால், அதே வகை வீட்டுக்காரர் உங்களை நம்புவார். அப்புறம், தீர்ப்பை முதல் வரியிலேயே வையுங்கள். கோபத்தைக் குறைக்கிறேன் என்று பலர் செய்யும் தவறு, "டிசைன் அழகு, கலர் சூப்பர்" என்று நாலு வரி எழுதிவிட்டு ஐந்தாவது வரியில் "ஆனால் சிறு ஏமாற்றம்" என்று முடிப்பது. அதைப் படித்தால் உங்களுக்குப் பெரிய குறை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும், குறை இல்லாதவர்கள் பக்கத்தில் போட்டிருப்பேன். நல்லது ஏதாவது உண்மையிலேயே இருந்தால் ஒரு வரி போதும், இல்லாவிட்டால் தேடிப்பிடிக்க வேண்டாம். நட்சத்திரத்தையும் மரியாதைக்காக உயர்த்தாதீர்கள். ஒன்றுதான் கொடுக்கத் தோன்றினால் ஒன்றே கொடுங்கள், கீழே எழுதியிருப்பது அந்த ஒன்றைத் தாங்கினால் போதும்.

இதையெல்லாம் சேர்த்து உங்களுடையதை நான் எழுதினால் இப்படி வரும். அளவுகளும் நாட்களும் நான் உத்தேசமாக வைத்தவை, உங்கள் வீட்டு உண்மையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், நடக்காத ஒன்றுகூட இதில் இருக்கக் கூடாது.

"தினமும் அரைக்கிற வீட்டுக்கு இந்த மிக்ஸியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 750 வாட்ஸ் மாடல், வாங்கி 3 மாதம் முடிவதற்குள் நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை, கப்ளரின் பற்கள் மழுங்கிவிட்டன (படம் இணைத்திருக்கிறேன்). நாங்கள் நான்கு பேர். வாரத்தில் ஐந்து நாள் சின்ன ஜாரில் அரை மூடி தேங்காய்ச் சட்னி, பெரிய ஜாரில் வாரம் ஒரு முறை அரை கிலோ அரிசி, அதுவும் இரண்டு தடவையாகப் பிரித்து, கையேட்டில் சொன்னபடி இடையில் நிறுத்தி நிறுத்தி. ஜார்கள் இரண்டும் கையால் சுற்றினால் லேசாகவே சுற்றுகின்றன. ஓடிய வரைக்கும் சட்னி நைஸாக வந்தது. புகார் கொடுத்து 9ஆம் நாள் சர்வீஸுக்கு வந்தார்கள். எவ்வளவு அரைக்கிறோம் என்று கேட்காமலேயே 'ஓவர்லோட்' என்றார்கள். கப்ளருக்கு வாரண்டி கிடையாது என்று 180 ரூபாய் வாங்கினார்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பார்த்தேன், கப்ளர், ஜார், வாஷர் மூன்றும் விலக்கு. வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். பணம் கொடுத்துச் சரிசெய்ததை நான் ஏற்கவில்லை, மூன்று மாதத்தில் தேய்ந்த பாகத்தை கம்பெனி இலவசமாக மாற்றியிருக்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பலர் குறையைச் சொல்லிவிட்டு, என்ன செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொன்னால் அதிருப்தியின் அளவு தானாகத் தெரிந்துவிடும், கம்பெனிக்காரருக்கும் "தொந்தரவுக்கு வருந்துகிறோம்" என்கிற தயார் பதிலோடு நழுவ இடமிருக்காது. ஆச்சரியக்குறி ஒன்றுகூட வைக்கவில்லை, முழுக்கப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

படம் போடும்போது கப்ளரை மேலிருந்து, பகல் வெளிச்சத்தில், பல் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். பக்கத்தில் புதுக் கப்ளரை வைத்து எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, பழையதை சர்வீஸ்காரர் எடுத்துப் போகவில்லை என்றால். அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடலும் தயாரிப்பு மாதமும் தெரியட்டும், சீரியல் நம்பரை மறைத்துவிடுங்கள். பில்லைப் போடுவதாக இருந்தால் முகவரியையும் போன் நம்பரையும் மறையுங்கள்.

இன்னொன்று, விமர்சனம் புகார் ஆகாது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் 180 ரூபாயை அது திருப்பிக் கொண்டுவராது. அதற்குக் கம்பெனிக்கு மெயிலில் தனியாகப் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. விமர்சனத்துக்காக எழுதிய இதே குறிப்பு, தேதியும் அளவும் இருப்பதால், அங்கேயும் கிட்டத்தட்ட அப்படியே பயன்படும்.

விமர்சனம் வந்த பிறகு கம்பெனியிலிருந்து போன் வரலாம். புது மிக்ஸி தருகிறோம், விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாலும் கேட்பார்கள். மிக்ஸியை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்குச் சேர வேண்டியது. ஆனால் எழுதியதை எடுக்காதீர்கள், கீழே தேதி போட்டு, "இன்று புதியது மாற்றிக் கொடுத்தார்கள், விமர்சனம் எழுதி 12 நாள் கழித்து" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நட்சத்திரத்தை மாற்றலாமா என்று புது மிக்ஸியில் ஆறு மாதம் அரைத்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.